மீந்த இட்லியை வறுக்க: எண்ணெயில் பொரிப்பதா, பெரிய தீயா, மிதமான தீயா?

ராத்திரி மீந்த இட்லியை மறுநாள் துண்டு போட்டு வறுப்பதில் மூன்று வழிகள் உண்டு. வாணலியில் எண்ணெய் காயவைத்துப் பொரித்தெடுப்பது ஒன்று. தோசைக்கல்லைப் பெரிய தீயில் நன்றாகக் காயவிட்டு, இரண்டே நிமிடத்தில் சட்டென்று சிவக்க வைப்பது இரண்டாவது. அதே கல்லில் மிதமான தீயில், அளந்து எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் பொறுமையாக முறுக வைப்பது மூன்றாவது. மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகு எங்கள் வீட்டில் மூன்றாவது வழிதான் நிலைத்திருக்கிறது. அதனால் கீழே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

பொரிப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவையில் அதற்குக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் நாலு பக்கமும் ஒரே நிறத்தில், மூன்று நான்கு நிமிடத்தில் முறுகிவிடும். பத்துப் பேருக்குச் செய்ய வேண்டியிருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். கல்லில் அத்தனை துண்டுகளைத் திருப்பிக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் இட்லி உள்ளெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பண்டம். பொரியும்போது அதன் ஈரம் ஆவியாக வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே போகாது. எடுத்து வைத்து ஆறும்போதுதான் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். அதனால் எடுத்தவுடனே நன்றாக உதறி, தாளில் போட்டு ஒற்றிவிட வேண்டும். தட்டில் அப்படியே குவித்து வைத்தால் அடியில் கிடக்கும் துண்டுகள் எண்ணெயில் ஊறிவிடும். நாலு இட்லிக்காக ஒரு வாணலி எண்ணெயைக் காயவைத்து, பிறகு உதிர்ந்த தூளோடு இருக்கும் அந்த எண்ணெயை என்ன செய்வது என்று யோசிப்பது தினசரிச் சமையலுக்கு ஒத்துவராது.

ஆக, உண்மையான போட்டி கல்லில்தான். பெரிய தீயா, மிதமான தீயா?

எண்ணெய் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதை வைத்துப் பார்த்தால் பெரிய தீயே ஜெயிக்கும். நான் பார்ப்பது வேறு ஒன்றை. அந்த மொறுமொறுப்பு எத்தனை நேரம் நிற்கிறது? கல்லிலிருந்து நேராக வாய்க்குப் போனால் எந்த முறையும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் அப்படி நடப்பதில்லை. ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் டிபன் டப்பாவில் கட்டிக்கொண்டு போவார். கால் மணி நேரம் கழித்தும் கடித்தால் சத்தம் வர வேண்டும்.

அதைத் தீர்மானிப்பது மேலே உருவாகும் முறுகலின் தடிமன். இட்லியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கல்லைத் தொடும் பக்கத்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை அங்கே சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. ஈரம் போன பிறகே அந்த இடம் காய்ந்து, சிவந்து, முறுகத் தொடங்கும். பெரிய தீயில் மேல் தோல் மட்டும் மளமளவென்று காய்ந்து நிறம் பிடித்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தத் தோல் காகிதம் போல மெல்லியது, அதற்கு அடுத்தே ஈரம் அப்படியே இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கியதும் உள்ளேயிருந்து வரும் ஆவி தோலை நனைத்து, ஐந்து நிமிடத்துக்குள் துவண்டுபோகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இட்லியாக இருந்தால் நடுவில் குளிர்ச்சியும் மிச்சம் இருக்கும். மிதமான தீயில் நேரம் கிடைப்பதால் ஈரம் இன்னும் கொஞ்சம் ஆழம்வரை வெளியேறுகிறது. முறுகல் தடிமனாக வருகிறது, உள்ளேயிருந்து வரும் ஆவியைத் தாங்குகிறது.

அப்படியென்றால் இன்னும் தீயைக் குறைத்து, சிம்மில் வைத்துச் செய்யலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. சிம்மில் ஆவி வேகமாக வெளியே தள்ளாது, எண்ணெய் துண்டின் ஓரங்களில் ஏறிக்கொண்டே இருக்கும். நிறம் வருவதற்குள் துண்டு முழுக்கக் காய்ந்து, மொறுமொறுப்புக்குப் பதிலாகக் கடினமாகிவிடும். கடித்தால் பல்லுக்கு வேலை வைக்கும், நடுவில் பஞ்சு போன்ற இட்லி இருக்காது.

நாலு நடுத்தர இட்லிக்கு நான் செய்வது இதுதான். இட்லி ஒரு ராத்திரியாவது ஃபிரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். குளிரில் அரிசியின் மாவுச்சத்து இறுகிவிடுவதால் கத்தி வைத்தால் ஓரம் உதிராது. சூடான இட்லியை வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு தூளாகும், அந்தத் தூள்தான் கல்லில் முதலில் கருகும். எடுத்து வைக்கும்போது கடைசி ஒரு மணி நேரமாவது மூடாமல் வைத்தால் மேல் ஈரம் காய்ந்து இன்னும் நல்லது. (வெளியிலேயே கிடந்து நூல் விட்ட இட்லியை எந்த வறுவலும் காப்பாற்றாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.) ஒரு இட்லியை ஆறு துண்டாக வெட்டுகிறேன். இன்னும் பொடியாக வெட்டினால் எல்லாமே முறுகலாகிவிடும், நடுவில் மெத்தென்று எதுவும் மிஞ்சாது.

இரும்புக் கல்லை மிதமான தீயில் மூன்று நிமிடம் காயவிட்டு, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கல் முழுக்கப் பரவ விடுகிறேன். ஒரு துண்டை வைத்துப் பார்க்க வேண்டும். உடனே சொய்யென்று சத்தம் வந்து, சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி எழுந்தால் சூடு சரி. சத்தமே இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். எண்ணெய் புகைந்தால் தீயைக் குறைத்து ஒரு நிமிடம் விட வேண்டும். நல்லெண்ணெய் சீக்கிரம் புகையக்கூடியது, புகைந்த பிறகு ஒரு கசப்பு தங்கிவிடும். இந்த முறைக்கு மிதமான தீ பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய தீதான் வேண்டும் என்பவர்கள் சுத்திகரித்த கடலை எண்ணெய்க்கு மாறிக்கொள்வது நல்லது.

துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டு, மூன்று நான்கு நிமிடம் கை வைக்கக் கூடாது. இங்கேதான் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. ஓயாமல் கிளறினால் எந்தப் பக்கமும் ஈரம் போகும் அளவுக்குக் கல்லைத் தொட்டுக்கொண்டு இருக்காது. மூலை உதிர்ந்து, கடைசியில் எண்ணெய் தடவிய உப்புமாவாக முடியும். திருப்பும் நேரத்தைக் காதால் கண்டுபிடிக்கலாம். முதலில் இரைச்சலாக இருக்கும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, விட்டுவிட்டு வெடிக்கும் சத்தமாக மாறும். அடிப்பக்க ஈரம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது தோசைத்திருப்பியால் ஒன்றை நெம்பிப் பார்த்தால் தானாகக் கல்லை விட்டு வரும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் முறுகவில்லை, பிய்த்தெடுக்காமல் அரை நிமிடம் விடுங்கள்.

திருப்பிப் போட்டதும் துண்டுகளைச் சுற்றி இன்னொரு தேக்கரண்டி எண்ணெய். மொத்த எண்ணெயையும் முதலிலேயே ஊற்றினால் முதல் பக்கமே அதைக் குடித்துவிடும், இரண்டாம் பக்கம் வறண்டு கருகும். இதற்கு மூன்று நிமிடம், பிறகு பக்கவாட்டுகளுக்கு இரண்டு மூன்று நிமிடம். எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. மேலும் கீழும் நன்றாக முறுகினால் போதும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு இட்லிக்கு இந்த மூன்று தேக்கரண்டிக்கும் கீழே இறங்கினால் இரும்புக் கல்லில் சூடு சீராக ஏறாது. துண்டின் அடி சமதளமில்லை, கல்லுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியை எண்ணெய்தான் நிரப்புகிறது. எண்ணெய் இல்லாத இடம் வெள்ளையாகவே இருக்க, தொடும் இடம் மட்டும் புள்ளி புள்ளியாகக் கருகும். நான்ஸ்டிக் கல்லில் இரண்டு தேக்கரண்டியில் முடித்துவிடலாம், ஒட்டுமே என்ற கவலையும் இல்லை. ஆனால் அதை வெறுமனே நெடுநேரம் காயவிடக் கூடாது என்பதால் என் கையில் முறுகல் கொஞ்சம் மெல்லியதாகத்தான் வந்திருக்கிறது. ரவா இட்லியை நான் அதிகம் வறுத்ததில்லை. வறுத்தவரையில் சீக்கிரம் உதிர்ந்தது, அதற்குத் துண்டைப் பெரிதாக வெட்டுவது உதவியது.

மசாலாவிலும் இரண்டு கட்சி இருக்கிறது. துண்டுகளை முதலிலேயே மிளகாய்த்தூள், மஞ்சள்தூளில் பிரட்டிவிட்டு வறுப்பவர்கள் உண்டு. பெரிய தீயில் இரண்டு நிமிடத்தில் முடிப்பவர்களுக்கு அது ஓரளவு தாங்கும். பத்து நிமிட வறுவலுக்குத் தாங்காது. இட்லி சிவப்பதற்கு வெகு முன்பே மிளகாய்த்தூள் கருகி, வீடெல்லாம் கமறும். உப்பையும் முன்னால் போட்டால் துண்டின் மேல் ஈரம் கசிந்து முறுகலைத் தாமதப்படுத்தும். அதனால் மசாலா கடைசியில்.

துண்டுகள் முறுகும் நேரத்தில் தாளிப்புக் கரண்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் காயவைத்து, அரைத் தேக்கரண்டி கடுகு வெடித்ததும் ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமானதும் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். அடுப்பை அணைத்துவிட்டு இந்தத் தாளிப்பைத் துண்டுகள் மேல் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி இட்லிப் பொடியைத் தூவி, கல்லின் சூட்டிலேயே இரண்டு புரட்டு. பொடி இல்லாவிட்டால் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள். இட்லியிலும் பொடியிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால் ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பு. தாளிப்பு எண்ணெய் மேலே மெல்லியதாகப் பரவியிருப்பதால் பொடி தானாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. வெங்காயம் பிடிக்கும் என்றால் தனியாக வதக்கி, சாப்பிடும் நேரத்தில் சேருங்கள். அதன் ஈரம் பட்டால் பத்து நிமிடம் நின்று செய்த வேலை வீணாகிவிடும்.

டப்பாவில் கட்டுவதாக இருந்தால், தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் ஆறவிட்ட பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் தண்ணீராகி மேலேயே சொட்டும். மதியம் வரை மொறுமொறுப்பு நிற்கும் என்று சொல்ல மாட்டேன், பொரித்ததும்கூட அவ்வளவு நேரம் நிற்பதில்லை. ஆனால் மிதமான தீயில் செய்தது அப்போதும் சொதசொதவென்று இருக்காது, வெளியே சற்று உறுதியாக, உள்ளே மெத்தென்று இருக்கும்.