ஓவியமாக்கிய படத்தில் பெயர்ப்பலகையைக் காப்பாற்றுவது: கிளிநொச்சிக் கடைப் படம் ஒன்றை வைத்து

கலண்டருக்கும் திறப்பு விழா அழைப்பிதழுக்கும் கடையின் படத்தை நீர்வர்ண ஓவியம் போல மாற்றிக் கேட்பது இப்போது வன்னியில் வழக்கமாகிவிட்டது. படத்தை ஓவியமாக்கும் ஏஐ கருவிகள் மரம், கூரை, வெயில் எல்லாவற்றையும் அழகாகத் தருகின்றன. பெயர்ப்பலகையில்தான் சறுக்குகின்றன. நீண்டகாலப் பயன்பாட்டில் எங்களுக்கு நிலைத்த முடிவு ஒன்றுதான்: எழுத்தைக் கருவியிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், ஓவியம் முடிந்தபின் அசல் பலகையைத் திரும்ப வையுங்கள்.

எழுத்து ஏன் கெடுகிறது என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம். ஏ9 வீதியோரக் கடை ஒன்றின் படம், 4000×3000 பிக்சல். பலகையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் உண்டு. கடைப்பெயரின் உயரம் 180 பிக்சல், தொலைபேசி இலக்கம் 40, கீழே "கிளிநொச்சி" என்று முடியும் விலாச வரி 28. கருவி இந்தப் படத்தை முதலில் 1024×768 ஆகச் சுருக்கும். அப்போது கடைப்பெயர் 46 பிக்சல், இலக்கம் 10, விலாசம் வெறும் 7. அதோடு நிற்காது. ஸ்டேபிள் டிஃபியூஷன் வகைக் கருவிகள் ஒவ்வொரு 8×8 பிக்சல் கட்டத்தையும் உள்ளே ஒரே புள்ளியாகச் சுருக்கி வைத்துத்தான் வேலை செய்கின்றன. விலாச வரியின் ஓர் எழுத்து முழுவதும் அப்படி ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். "ச்" மேல் உள்ள புள்ளிக்கும் "ளி"யின் விசிறிக்கும் அங்கே இடமே இல்லை. திரும்ப விரிக்கும்போது கருவி எழுத்தை வாசிப்பதில்லை, எழுத்துப் போன்ற ஏதோ ஒன்றை வரைகிறது.

அதனால்தான் கருவி படத்தை எவ்வளவு மாற்றி வரையலாம் என்பதைத் தீர்மானிக்கும் `Denoising strength` அளவைக் குறைப்பது பாதி மருந்துதான். 0.3க்குக் கீழே வைத்தால் பெரிய எழுத்துத் தப்பும், ஆனால் ஓவியத்தன்மையும் வராது. 0.5ஐத் தாண்டினால் ஓவியம் வரும், கடைப்பெயரும் ஆட்டம் காணும். சிறிய எழுத்தோ 0.1இலேயே கலங்கியிருக்கும், ஏனென்றால் அது கெடுவது வரைவதில் அல்ல, சுருக்கி விரிப்பதில். கோடுகளைப் பிடித்துவைக்கும் கன்ட்ரோல்நெட் 46 பிக்சல் எழுத்துக்கு உதவும், 7 பிக்சலுக்கு உதவாது. புதிய மாடல்கள் ஆங்கில எழுத்தை முன்னையதைவிட நன்றாக எழுதுகின்றன. அதைப் பார்த்துத் தமிழும் சிங்களமும் சரிவரும் என்று நம்ப வேண்டாம்.

வாசிக்க முடியாமல் கெட்ட எழுத்து உண்மையில் பெரிய ஆபத்தல்ல, எவர் கண்ணிலும் அது படும். வாசிக்கக்கூடிய பிழைதான் ஆபத்து. தொலைபேசி இலக்கத்தில் 3 ஒன்று 8 ஆக மாறினால் 021இல் தொடங்கும் பத்து இலக்கமும் ஒழுங்காகவே தெரியும், அழைப்பு மட்டும் வேறு வீட்டுக்குப் போகும். சிங்கள வரியும் அப்படித்தான். வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு அந்த வளைவுகள் சரியாகவே தோன்றும்.

இனி திரும்ப வைக்கும் முறை. கிம்ப்பில் ஓவியமாக்கிய படத்தை அசலின் அளவுக்கே, 4000×3000க்கு, பெரிதாக்குங்கள். அதற்கு மேல் அசல் படத்தை ஒரு லேயராகப் போட்டு, கறுப்பு லேயர் மாஸ்க் கொடுத்து, பலகையின் நான்கு மூலைகளையும் Free Select கருவியால் சுற்றி, உள்ளே வெள்ளை நிரப்புங்கள். எழுத்தை மட்டும் வெட்டாதீர்கள், பலகையைச் சட்டத்தோடு வெட்டுங்கள். சட்டத்தின் விளிம்பு ஏற்கனவே ஒரு கோடு என்பதால் ஒட்டிய இடம் அதில் மறைந்துவிடும். விளிம்பை 2, 3 பிக்சல் மென்மையாக்கினால் போதும். 20 வைத்தால் பலகையைச் சுற்றிப் புகை படிந்தது போல ஆகிவிடும்.

ஒரே அளவில் பல படங்கள் இருந்தால் கட்டளை வரியில் இயங்கும் இமேஜ்மஜிக் வேகமானது. மாஸ்க் படத்தில் வெள்ளையான இடத்தில் அசல் தெரியும்:

```
magick original.jpg -auto-orient original.png
magick styled.png -resize 4000x3000! big.png
magick big.png original.png mask.png -composite final.png
```

முதல் வரியை விடாதீர்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் திரையில் நிமிர்ந்து தெரிந்தாலும் கோப்புக்குள் பெரும்பாலும் படுத்தே கிடக்கும். `-auto-orient` இல்லாவிட்டால் பலகை பக்கவாட்டில் வந்து நிற்கும். நிமிர்ந்த படத்துக்கு இரண்டாவது வரியில் `3000x4000!` என்று போடுங்கள்.

பொருந்தாமல் போவதற்கு இன்னொரு காரணம் அளவு விகிதம். 4:3 படம் 1024×768க்குச் சரியாக அடங்கும். கமராவின் 6000×4000 படமோ 1024×683 ஆகும். 683 எட்டால் பிரிபடாது என்பதால் பல கருவிகள் 680க்கு வெட்டிவிடும் அல்லது நசுக்கிவிடும். சின்னப் படத்தில் மூன்று பிக்சல்தான், அசலில் அது ஏறத்தாழ 18. வெட்டுவதானால் நீங்களே முதலில் வெட்டிக்கொண்டு கருவிக்குள் அனுப்புங்கள். சொல்லைக் கொடுத்து முழுப் படத்தையும் புதிதாக வரையவைக்கும் செயலிகள் பலகையையே நகர்த்திவிடுகின்றன. அங்கே மாஸ்க் எடுபடாது. அசல் பலகையை வெட்டியெடுத்து Perspective கருவியால் நான்கு மூலையையும் இழுத்துப் பொருத்த வேண்டும்.

வைத்தபின் பலகை மட்டும் போட்டோவாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு எழுத்தை ஊகித்து வரையாத சாதாரண ஃபில்டரைப் பயன்படுத்துங்கள், கிம்ப்பின் Oilify போதும். அதன் ஆரம் எழுத்துக் கோட்டின் தடிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 180 பிக்சல் எழுத்தின் கோடு 25 பிக்சல் அளவு தடிப்பானது, அதற்கு ஆரம் 6 தாங்கும். விலாச வரியின் கோடு 3, 4 பிக்சல்தான், அதைத் தொடாமல் விடுங்கள். பிறகு ஓவியத்தில் பலகை இருந்த பகுதியை அசல் பலகையின் மேல் HSL Color முறையில் 50 வீதம் போட்டால், நிறம் ஓவியத்திலிருந்தும் வெளிச்சமும் இருளும் அசலிலிருந்தும் வரும். எழுத்தை வாசிக்க வைப்பது வெளிச்ச வேறுபாடுதான் என்பதால் அது கெடாது.

சின்னங்களுக்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. சங்கமோ பாடசாலையோ, இலச்சினையின் வெக்டர் கோப்பைக் கேட்டு வாங்கி மேலே வையுங்கள்.

பலகையே வெயிலில் வெளிறிய ஃபிளெக்ஸ் என்றால் அசலிலும் எழுத்து இராது, புதிதாகத் தட்டச்சுச் செய்ய வேண்டியதுதான். பாமினியில் அடித்த பழைய வாசகத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல் வரும், யூனிகோடுக்கு மாற்றிய பின் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் போடுங்கள். ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் World-Ready Layout தெரிவு செய்யப்படாவிட்டால் "நொ"வின் கொம்பு ந-வுக்குப் பின்னால் போய் நிற்கும். கிம்ப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது வேலையின் வரிசை. 1024 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் 9 சென்ரிமீற்றர்கூட வராது, அதனால் அச்சுக்கு ஏஐ பெரிதாக்கியைப் பலர் பாவிக்கிறார்கள். அதுவும் எழுத்தை ஊகித்துத்தான் வரைகிறது. ஓவியம், பெரிதாக்கல், அதற்குப் பிறகே பலகை. பலகை வைத்தபின் படத்தை எந்த ஏஐ கருவிக்குள்ளும் திருப்பி அனுப்பக் கூடாது.

சரிபார்க்க, Oilify போடுவதற்கு முன் அசலை மேலே Difference முறையில் வையுங்கள். பலகை முழுக் கறுப்பாகத் தெரிந்தால் ஒரு பிக்சலும் மாறவில்லை. எழுத்தின் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் படம் நகர்ந்திருக்கிறது. ஃபில்டர் போட்டபின் 100 வீதத்தில் வைத்து இலக்கத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசியுங்கள், சிங்கள வரியை அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் Document ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது மீண்டும் சுருங்கி, 28 பிக்சல் வரி திரும்பக் கலங்கிவிடும்.