ஆறு வருடம் ஜாவாவின் DecimalFormat: பன்னிரண்டரையா, ஒன்னேகாலா?

பில்லிங் மென்பொருள் எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "தொகை அச்சடிக்க ஜாவாவோடு வரும் DecimalFormat வகுப்பே போதுமா?" ஆறு வருடமாக அதை வைத்துத்தான் ஓர் அரிசி ஆலையின் கணக்கைப் பார்க்கிறேன். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லது. BigDecimal-இல் எண்ணைக் கொடுத்தால் ஒரு பைசா பிசகாது. எழுத்தை எண்ணாக மாற்றும் parse இன்னும் நல்லது. குமாஸ்தா "12,50,000" என்று தட்டினாலும் "1,250,000" என்று தட்டினாலும் அது காற்புள்ளிகளைத் தாண்டிப் போய் 1250000 என்றே எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் எண்ணைப் படிக்கத் தெரிந்த அதற்கு அதைத் திரும்ப எழுதத் தெரியாது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நடந்தது இது. நெல் கொள்முதலுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி பன்னிரண்டரை லட்சம். முதலாளியின் ஆண்ட்ராய்டு போனில் ₹12,50,000.00 என்று சரியாக வந்தது. சர்வரில் உருவான பிடிஎஃப் தாளில் ₹1,250,000.00. கணக்கர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இது பன்னிரண்டரையா, ஒன்னேகாலா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. ஒன்னேகால் லட்சத்தை 1,25,000 என்று எழுதுவோம். இரண்டுமே "1,25" என்றுதான் தொடங்குகின்றன. முப்பது வருடமாகக் காற்புள்ளி விழும் இடத்தைப் பார்த்தே தொகை படிக்கும் கண், முதல் காற்புள்ளியைக் கண்டதும் லட்சம் என்று முடிவு செய்துவிடும். அன்று அவர் பென்சிலை எடுத்து, தாளில் இருந்த ஒவ்வொரு தொகைக்கும் மேலே காற்புள்ளியை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

வடிவத்தை நான் சரியாகத்தான் கொடுத்திருந்தேன். முதல் வரி ஜாவாவோடு வருவது, இரண்டாவது ஐசியு என்ற தனி நூலகத்தில் உள்ளது. இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்:

```java
new java.text.DecimalFormat("#,##,##0.00").format(1250000);
// 1,250,000.00
new com.ibm.icu.text.DecimalFormat("#,##,##0.00").format(1250000);
// 12,50,000.00
```

ஜாவாவின் வகுப்பில் குழு அளவுக்கு இடம் ஒன்றே ஒன்றுதான். வடிவத்தில் எத்தனை காற்புள்ளி போட்டாலும், கடைசிக் காற்புள்ளிக்கும் முழு எண் முடியும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே இடது பக்கம் முழுக்கப் போட்டுவிடும். நமக்கோ முதலில் மூன்று, அப்புறம் இரண்டிரண்டு. ஆவணத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் ஓடும்போது பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. Locale-ஐ en-IN என்று வைத்தாலும் இதே கதைதான். ஐசியு நூலகம் இரண்டாவது குழு அளவைத் தனியாக வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் java.text-க்கு அடியில் இருப்பதும் ஐசியுதான். போனில் சரியாக வந்து தாளில் மாறியதன் காரணம் அதுதான்.

சோதனையில் ஏன் சிக்கவில்லை? 99,999 வரை இரண்டு முறையும் ஒன்றே. நான் வைத்திருந்த சோதனைத் தொகைகள் 500, 12,500 என்ற அளவில்தான் இருந்தன. ஆறாவது இலக்கம் வந்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

ஐசியு 10 எம்பிக்கு மேல் கனக்கிறதே என்று முதலில் நானே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். கடைசி மூன்று இலக்கத்தை வெட்டிவிட்டு, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரிப்பது. ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு கழிவுத் தொகை "-,12,34,567" என்று வந்து நின்றது. கழித்தல் குறியையும் ஓர் இலக்கமாக எண்ணிவிட்டதால், அது தனியாக ஒரு குழுவில் போய் நின்றிருக்கிறது. இதில் மோசம் என்னவென்றால், -1,23,456 சரியாகவே வரும். குறியைத் தவிர்த்த இலக்கங்கள் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையாக இருந்தால்தான் உடையும். அதற்கப்புறம் ஐசியுவையே சேர்த்துவிட்டேன். ஆலையின் தாள்களில் 6,25,00,000 இப்போது ஆறேகால் கோடியாகவே தெரிகிறது.

கணக்கில் ஒருநாளும் தவறாத பொருள்தான். இருந்தும், மனிதர் பணம் படிக்கும் தாளில் இதைப் போடாதீர்கள் என்றே நண்பருக்குச் சொன்னேன். உள்ளே வரும் எண்ணைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் 99999, 100000, 62500000, -1234567 ஆகிய நான்கையும் அச்சடித்துப் பார்த்துவிட்டுத் தாளை ஒரு கணக்கரின் கையில் கொடுங்கள்.