கையோடு ஒரு பாரோமீட்டரா, இடத்துக்கு ஒன்றா?

ராமநாதபுரம் கடற்கரையில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிட நினைத்தால் முதல் சிக்கல், உயரமே அதிகம் கிடையாது என்பதுதான். நம் ஊர் வெயிலில், கடல் மட்டத்தை ஒட்டி, சுமார் 9 மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் மாதிரியான ஒரு மேட்டுக்கு டயலில் முள் சில கோடுகள் நகர்ந்தாலே பெரிது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒரே பாரோமீட்டரைக் கரையிலும் மேட்டிலும் வைத்து, முள் காட்டும் அளவைப் போனில் படம் எடுக்கலாம். இல்லை, கரையில் ஒன்று, மேட்டில் ஒன்று வைத்து ஒரே நேரத்தில் இருவர் படம் எடுக்கலாம். நான் தேர்ந்தெடுத்தது முதல் வழி. ஆனால் கரைக்குத் திரும்பி மூன்றாவது படமும் எடுத்தே ஆக வேண்டும்.

காரணம் நேரம். நம் பக்கம் காற்றழுத்தம் காலை பத்து மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும். மாலை நான்கு மணிக்குள் மூன்று மில்லிபார் வரை இறங்கிவிடும். நின்ற இடத்திலேயே நின்றாலும் ஏதோ 25 மீட்டர் ஏறிவிட்டதாகக் கணக்கு காட்டும். அளக்கப் போகும் மேடே அவ்வளவுதான்!

மூன்றாவது படம் இதைச் சரிசெய்கிறது. பத்து மணிக்குக் கரையில் 1011.0, பதினொன்றுக்கு மேட்டில் 1008.2, பன்னிரண்டுக்கு மறுபடி கரையில் 1010.2 என்று வைத்துக்கொள்வோம். பதினொரு மணிக்குக் கரையில் ஏறக்குறைய 1010.6 இருந்திருக்கும். வித்தியாசம் 2.4, அதாவது சுமார் 21 மீட்டர். திரும்பி வராமல் விட்டிருந்தால் 2.8 என்று எடுத்து 25 மீட்டர் என்றிருப்போம். எந்தப் படம் எத்தனை மணிக்கு என்பதைப் போனே குறித்துவைப்பது இங்கே வசதி.

இரண்டு பாரோமீட்டர் வழியில் இந்த நேரச் சிக்கலே இல்லை, உண்மைதான். ஆனால் இரண்டு டயல்கள் ஒரே அளவைக் காட்டுவது அபூர்வம். முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒன்று வெயிலிலும் மற்றது நிழலிலும் இருந்தால் அந்த வித்தியாசமும் மாறிவிடும். இருந்தாலும், போய்த் திரும்பவே அரை நாள் ஆகும் தூரம் என்றால் இதுதான் வழி. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும் நாளில் முதல் வழியை நான் முயன்றதில்லை. அப்போது அழுத்தம் சீராக இறங்காது என்பதால் நடு நேரத்துக்குச் சராசரி எடுப்பது தப்பாகிவிடலாம்.

எந்த வழியானாலும் படம் எடுக்கும் விதம் ஒன்றே. டயலின் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டி, சிக்கி நிற்கும் முள்ளை விடுவியுங்கள். கேமராவை டயலின் மையத்துக்கு நேர் எதிரே பிடியுங்கள். முள் டயல் முகத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து எடுத்தால் அரை மில்லிபார் தள்ளித் தெரியும். அதுவே நாலைந்து மீட்டர். படத்தில் டயலின் விளிம்பு முழு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தெரிந்தால் அந்தப் படத்தை அழித்துவிட்டு இன்னொன்று எடுங்கள்.