தட்டு சுழல்கிறது, சோறு சூடாகவில்லை: கதவுச் சுவிட்சா, பியூஸா, மக்னட்ரோனா?

மைக்ரோவேவ் அடுப்பில் விளக்கு எரிந்து, தட்டும் சுழன்று, உள்ளே வைத்த சோறு மட்டும் குளிர்ந்தபடியே இருந்தால், திருகோணமலையில் திருத்தக் கொடுக்கும் இடங்களில் பெரும்பாலும் முதலில் கேட்கும் பதில் "மக்னட்ரோன் போய்விட்டது" என்பதுதான். உணவைச் சூடாக்கும் நுண்ணலையை உண்டாக்கும் பாகம்தான் மக்னட்ரோன். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இதே அறிகுறியைக் கதவுச் சுவிட்சும் தரும், உயர் அழுத்தப் பியூஸும் தரும். மூன்றுக்கும் ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இருப்பதால், பணம் கொடுக்கும் முன் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

முதலில் சில எளிய காரணங்களை விலக்கிவிட வேண்டும். குறைந்த வலுவில் வைத்தால் மக்னட்ரோன் விட்டுவிட்டுத்தான் இயங்கும். சில டிஜிட்டல் அடுப்புகளில் கடையில் காட்சிக்கு வைப்பதற்கான ஒரு நிலை உண்டு, அதில் தட்டு சுழன்றாலும் சூடு வராது. ஆகவே முழு வலுவில் ஒரு கோப்பைத் தண்ணீரை இரண்டு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல அடுப்பானால் தண்ணீர் கொதிநிலையை நெருங்கியிருக்கும்.

சந்தேகப் பட்டியலிலிருந்து உடனே நீக்கக்கூடியது பிரதான பியூஸ். விளக்கு, விசிறி, தட்டின் மோட்டார் எல்லாவற்றுக்கும் மின்சாரம் அதன் வழியாகவே போகிறது. அது எரிந்திருந்தால் அடுப்பு முழுவதும் செத்துப்போயிருக்கும். எனவே இந்த அறிகுறியோடு "பியூஸ்" என்று யாராவது சொன்னால், அவர் ட்ரான்ஸ்போமருக்கும் கப்பாசிட்டருக்கும் இடையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் உயர் அழுத்தப் பியூஸைச் சொல்கிறாரா என்று கேட்க வேண்டும். எல்லா அடுப்புகளிலும் அது இருப்பதில்லை.

மீதியுள்ளவற்றைப் பிரிப்பதற்குக் காது பெரிதும் உதவும். கனமான ட்ரான்ஸ்போமர் உள்ள அடுப்பில், சூடாக்கல் தொடங்கும் கணத்தில் "ம்ம்" என்ற ஆழ்ந்த ஒலி சேர்ந்துகொள்ளும், விளக்கும் இலேசாக மங்கும். அந்த ஒலி வரவே இல்லை என்றால் ட்ரான்ஸ்போமருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள். அப்போது சந்தேகம் கதவுச் சுவிட்ச், ரிலே, மக்னட்ரோன் மீதிருந்து சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்பத் தடுப்பான் ஆகியவற்றின் பக்கம் திரும்பும். ஒலி மெலிதாக வந்தும் சூடு வரவில்லை என்றால் கோளாறு உயர் அழுத்தப் பக்கத்தில் இருக்கிறது: பியூஸ், டயோட், அல்லது உள்ளிழை அறுந்த மக்னட்ரோன். வழக்கத்தைவிட உரத்த உறுமல் கேட்டால் டயோட், கப்பாசிட்டர், மக்னட்ரோன் ஆகியவற்றில் ஒன்று குறுஞ்சுற்று ஆகியிருக்கக்கூடும். உடனே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இன்வேர்ட்டர் வகை அடுப்புகளில் கனமான ட்ரான்ஸ்போமர் இல்லாததால் இந்தக் காதுச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

காதை நம்ப முடியாதவர்களுக்கு மின் மானி சாட்சி சொல்லும், அடுப்பைத் திறக்கவும் தேவையில்லை. உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டில், 800 வாட் அடுப்பு ஒன்றுக்கு மக்னட்ரோன் மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி உட்பட மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மானியைப் பார்த்தோம். அதன் முகப்பில் 1600 imp/kWh என்று அச்சிட்டிருந்தது. அதாவது ஓர் அலகுக்கு 1600 தடவை சிவப்பு விளக்கு சிமிட்டும். சூடாக்கும் 800 வாட் அடுப்பு சுவரிலிருந்து ஏறத்தாழ 1200 வாட் இழுக்கும் என்பதால், இரண்டு விநாடிக்கு ஒருமுறை அளவில் சிமிட்ட வேண்டும். ஆனால் முக்கால் நிமிடம் போல ஆன பின்தான் ஒரு சிமிட்டல் வந்தது. கணக்குப்படி அது 50 வாட் அளவு. விளக்கும் விசிறியும் தட்டும் மட்டும் இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். உயர் அழுத்தப் பியூஸ் போயிருந்தால், சுமையில்லாத ட்ரான்ஸ்போமராவது இயங்கிக்கொண்டிருக்கும், சிமிட்டல் இதைவிடச் சற்று விரைவாக இருந்திருக்கும்.

அடுத்து, அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடிய கதவின் கைப்பிடியை இலேசாக மேல்நோக்கி அழுத்திப் பார்த்தோம். ஆழ்ந்த ஒலி தொடங்கியது, சிமிட்டலும் இரண்டு விநாடிக்கு ஒன்றாக மாறியது. கையை எடுத்ததும் நின்றது. மக்னட்ரோன் பழுதாகியிருந்தால் கதவை அழுத்துவதால் சூடு வர வாய்ப்பே இல்லை. பின்னர் வேறொரு திருத்துநர் திறந்தபோது, கதவுக் கொக்கி தள்ளும் இரண்டாவது சுவிட்சின் முனையில் பச்சை பூத்திருந்தது, உள்ளே தொடுகையும் கருகியிருந்தது. உப்புக் காற்று அடிக்கும் கரையோர வீடுகளில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். சூடாக்கிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தாமல் கதவைத் திறக்கும் பழக்கமும் தொடுகைகளைப் பொறிவிட்டுக் கருக்குகிறது. நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டுத் திறந்தால் சுவிட்ச் நெடுநாள் உழைக்கும்.

கதவுச் சுவிட்ச் மலிவானது என்பதற்காக அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமாக மூன்று இருக்கும். இரண்டு கதவு மூடும்போது மின்சாரத்தை இணைப்பவை; மூன்றாவது காவல் சுவிட்ச், கதவு மூடும்போது தொடர்பைத் துண்டிப்பது. கதவு திறந்தபின்னும் முதன்மைச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால், பிரதான பியூஸை வேண்டுமென்றே எரித்து அடுப்பை நிறுத்துவதுதான் அதன் வேலை. காவல் சுவிட்சின் இடத்தில் மற்ற வகையைப் பொருத்தினால் பியூஸ் எரியும். கம்பி போட்டுச் சுவிட்சைத் தாண்டி இணைப்பதோ, கதவு திறந்திருக்கும்போதே நுண்ணலை வெளிவர வழிசெய்யும் காரியம். எவ்வளவு அவசரமென்றாலும் அதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

உயர் அழுத்தப் பியூஸையும் மக்னட்ரோனையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. ஒலி மெலிதாக வந்து சூடு வராத அடுப்பில் இரண்டுக்கும் ஒரே முகம்தான். திருத்துநர் அடுப்பைத் திறந்து, கப்பாசிட்டரில் தங்கிய மின்னூட்டத்தை இறக்கிய பின்னரே அளக்க முடியும். பிளக்கைக் கழற்றி வைத்த பிறகும் அந்தக் கப்பாசிட்டர் உயிரைப் பறிக்கும் அழுத்தத்தைத் தாங்கியிருக்கலாம் என்பதால், இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கவே வேண்டாம்.

அளவீடுகளில் மக்னட்ரோனின் இரு முனைகளுக்கிடையே ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும், முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. முனைகளுக்கிடையே தொடர்பு அறுந்திருந்தாலோ, உடலோடு தொடர்பு காட்டினாலோ மக்னட்ரோன் பழுது என்று துணியலாம். இரண்டும் சரியாக இருந்தும் அது உயர் அழுத்தத்தில் மட்டும் தோற்பதும் உண்டு. அப்போது மற்றவற்றை விலக்கிய பின்னரே அதைக் குற்றம் சொல்ல வேண்டும். டயோடில் இன்னொரு சிக்கல்: சாதாரண மல்டிமீட்டர் நல்ல டயோடையும் இரு திசையிலும் தொடர்பற்றதாகவே காட்டுவதால், குறுஞ்சுற்றானதை மட்டும்தான் அதனால் கண்டுபிடிக்க முடியும்.

உயர் அழுத்தப் பியூஸ் எரிந்திருப்பது தெரிந்தால், அதை மட்டும் மாற்றி அடுப்பைத் திருப்பித் தருபவரிடம், டயோடையும் கப்பாசிட்டரையும் மக்னட்ரோனையும் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். அந்தப் பியூஸை எரித்தது பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் குறுஞ்சுற்றுத்தான். அது இருக்கும்வரை புதுப் பியூஸும் போகும். அதன் இடத்தில் சாதாரணப் பியூஸையோ செப்புக் கம்பியையோ வைத்தால், அடுத்த குறுஞ்சுற்றில் ட்ரான்ஸ்போமரே எரிய நேரிடும். மக்னட்ரோன்தான் என்று அளவீடுகளோடு உறுதியானால், அதே மாதிரி எண்ணும் அதே பொருத்தும் துளைகளும் உள்ளது கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கூலியும் சேர்ந்து புது அடுப்பின் விலையில் பாதியைத் தாண்டுமானால், பல வருடம் பாவித்த அடுப்புக்கு அந்தச் செலவைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.