ஆட்டோமேட்டாவா, கிராமரா, எது முதலில்?

அன்புள்ள நண்பருக்கு,

கணிமைக் கோட்பாட்டைத் தனியாகப் படிக்க, ஸ்ட்ரிங்கை எழுத்தெழுத்தாக வாசித்து ஏற்கும் அல்லது மறுக்கும் இயந்திரமான ஆட்டோமேட்டாவில் தொடங்குவதா, ஸ்ட்ரிங்குகளை உருவாக்கும் விதிகளான கிராமரில் தொடங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வரிசையிலும் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்போது ஆட்டோமேட்டாவைத்தான் முதலில் வைக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கிராமர் முதலில் என்பதற்கும் நியாயம் இருக்கிறது. வேலையில் பார்சர், கான்ஃபிக் கோப்பு என்று புழங்கியவருக்கு `S → aSb | ε` போன்ற விதி உடனே பிடிபடும். சாம்ஸ்கி 1956-இல் மொழிகளை வகைப்படுத்தியதும் கிராமர் வழியாகத்தான். எந்த வரிசையில் போனாலும் கடைசியில் ட்யூரிங் இயந்திரம் வரத்தான் போகிறது, அதில் வித்தியாசமில்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு விஷயம். நீங்கள் வேலை முடிந்து வந்து தனியாகப் படிக்கப்போகிறீர்கள். போட்ட விடை சரியா என்று பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு நிலைக்கு மட்டும் நகரும் ஆட்டோமேட்டாவான டிஎஃப்ஏ என்றால் அதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம், அதுவும் முழு நிச்சயமாக.

ஒரு கணக்கைப் பாருங்கள்: 01 என்று முடியும் எல்லா பைனரி ஸ்ட்ரிங்குகளையும் ஏற்கும் டிஎஃப்ஏ. மூன்று நிலைகள் போதும். q0 தொடக்கம், q1 என்றால் கடைசியாக வந்தது 0, q2 என்றால் கடைசியில் 01 வந்திருக்கிறது, அதுவே ஏற்கும் நிலை. q2-வில் 0 வந்தால் q1-க்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்த 0 அடுத்த 01-இன் தொடக்கமாக இருக்கலாம். இங்கேதான் பலர் q0-வுக்குத் திரும்பிவிடுவார்கள். அப்படிப் போட்ட விடையின் நிலைகளை p0, p1, p2 என்போம்.

இப்போது இரண்டையும் ஜோடியாக, ஒரே உள்ளீட்டில் ஓட்டுங்கள்:

```
(q0,p0) --0--> (q1,p1)
(q1,p1) --1--> (q2,p2)
(q2,p2) --0--> (q1,p0)
(q1,p0) --1--> (q2,p0)
```

கடைசி ஜோடியில் ஒன்று ஏற்கிறது, மற்றொன்று மறுக்கிறது. தவறு இருக்கிறது என்பதோடு, அதைக் காட்டும் ஸ்ட்ரிங்கும் 0101 என்று கையில் கிடைத்துவிட்டது. மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது ஜோடிகள்தான். அடைய முடிந்த எல்லா ஜோடிகளையும் பார்த்து முரண் எதுவும் வரவில்லையென்றால் இரண்டும் ஒரே மொழி என்று நிரூபணமே ஆகிவிடுகிறது.

கிராமரில் இந்த வசதி இல்லை. a-க்களும் b-க்களும் சம எண்ணிக்கையில் உள்ள ஸ்ட்ரிங்குகளுக்கு `S → aSb | bSa | ε` என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ab, ba, aabb, abab எல்லாம் வருகின்றன. ஆனால் abba வராது, ஏனென்றால் இந்த விதிகளில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் எப்போதும் வேறுபட்டே இருக்கும். `SS` என்ற விதியைச் சேர்த்தால் சரியாகிவிடும். abba உங்களுக்குத் தோன்றியிருந்தால் தப்பித்தீர்கள், தோன்றாவிட்டால் தவறான விடையோடு அடுத்த கணக்குக்குப் போய்விடுவீர்கள். இப்படிப்பட்ட கிராமரைச் சிஎஃப்ஜி என்பார்கள்; இரண்டு சிஎஃப்ஜி-க்கள் ஒரே மொழியைத் தருகின்றனவா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் பொதுவான அல்காரிதம் இருக்கவே முடியாது; அது தீர்மானிக்க முடியாத பிரச்சினை. குறிப்பிட்ட ஒரு கிராமருக்கு இண்டக்‌ஷன் மூலம் நிரூபிக்கலாம்தான். ஆனால் அந்தப் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிடாது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டிஎஃப்ஏ, கூடவே இந்த ஜோடிச் சோதனை, பிறகு நிலைகளைக் குறைப்பது. அப்புறம் ஒரே எழுத்துக்குப் பல நிலைகளுக்குப் போகக்கூடிய என்எஃப்ஏ, அதை டிஎஃப்ஏ ஆக்குவது, ரெகுலர் எக்ஸ்பிரஷன். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதியதும் டிஎஃப்ஏ-வாக மாற்றி அதே சோதனையைப் போடுங்கள்.

அடுத்து, பம்பிங் லெம்மாவுக்கு முன்னால் மைஹில்–நெரோட் தேற்றத்தைப் படியுங்கள். பல பாடத்திட்டங்களில் இது பின்னால் வரும் அல்லது விட்டுப்போகும். aⁿbⁿ-ஐ, அதாவது சில a-க்களும் பிறகு அதே எண்ணிக்கையில் b-க்களும் வரும் ஸ்ட்ரிங்குகளின் மொழியை, எடுத்துக்கொள்ளுங்கள். aa-வும் aaa-வும் ஒரே நிலையில் போய் நின்றால், அதன்பின் bb கொடுக்கும்போது இரண்டையும் ஏற்க வேண்டும் அல்லது இரண்டையும் மறுக்க வேண்டும். ஆனால் aabb மொழியில் உண்டு, aaabb இல்லை. எனவே a-க்களின் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தனி நிலை வேண்டும், அதாவது முடிவில்லாத நிலைகள். ஆகவே இது ரெகுலர் மொழி அல்ல. பம்பிங் லெம்மாவில் "எந்த p-க்கும், எந்தப் பிரிப்புக்கும்" என்று மாறிமாறி வரும் நிபந்தனைகளில் தடுமாறுகிறவர்கள்கூட இதை எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதற்குப் பிறகு சிஎஃப்ஜி-க்கு வந்தால், நிலைகள் போதாத இடத்தில் ஸ்டாக் ஏன் தேவைப்படுகிறது என்பது தெரிந்தே வருவீர்கள். ஸ்டாக் சேர்த்த ஆட்டோமேட்டாவான புஷ்டவுன் ஆட்டோமேட்டாவை கிராமருக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பதில் எனக்கு உறுதியான கருத்தில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் முதன்முறை படிக்கும் மாணவர்கள். வருடக்கணக்காகப் பார்சர் எழுதிய ஒருவர் கிராமரில் தொடங்கினால் எப்படி இருக்கும் என்பதில் என் அனுபவம் குறைவு. உங்கள் வேலை அப்படிப்பட்டது என்றால் எழுதுங்கள், வரிசையை மாற்றிப் பார்க்கலாம். இல்லையென்றால் 01 கணக்கை நீங்களே முதலிலிருந்து போட்டு, உங்கள் ஜோடி அட்டவணையை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் விரிவுரையாளர்