இலவசத் தவணையா, நிரந்தர இலவசத் திட்டமா?

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்குப் பற்றுச்சீட்டு மென்பொருள் விற்க முனையும் திருகோணமலை இளைஞர்கள் இக்கேள்வியில் தடுமாறுகிறார்கள். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: இணையத்தளத்துக்கு 1,000 பேர் வருகிறார்கள்.

14 நாள் இலவசத் தவணை: 50 பேர் இணைந்து, 8 பேர் சந்தா கட்டுகிறார்கள், 16 வீதம்.
நிரந்தர இலவசம்: 130 பேர் இணைந்து, 5 பேர் கட்டுகிறார்கள், 4 வீதத்துக்கும் குறைவு.

வீதத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். மீதி 125 பேரில் சிலர் பின்னர் கட்டக்கூடும். ஆனால் அதுவரை அவர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும். தவணையின் தொடக்கத்திலேயே கடனட்டை கேட்டால் இணைவோர் குறைவர், கட்டுவோர் வீதம் உயரும்; அவர்களுள் நிறுத்த மறந்தவர்களும் இருப்பர்.

இங்கு தீர்மானிப்பது பருவமே. மாரிகால டிசம்பரில் இணையும் விடுதிக்காரர், அறைகள் வெறுமையாக இருப்பதால், ஒரு பற்றுச்சீட்டுக்கூட எழுதாமலே தவணையை முடித்துவிடுவார். நிரந்தர இலவசத் திட்டத்தில் மாதம் 15 பற்றுச்சீட்டு வரை இலவசம் என்றால், மே மாதத்துக்குப் பின் விருந்தினர் பெருகும்போது அவரே எல்லையைத் தொடுவார். சூம் செயலியின் 40 நிமிட எல்லையும் இப்படித்தான் வேலைசெய்கிறது. பற்றுச்சீட்டு எல்லையை 100 ஆக்கினால் சிறு விடுதி ஒருபோதும் கட்டாது.

ஆகவே பருவத் தொழிலுக்கு நிரந்தர இலவசம் பொருந்தும். நாள்தோறும் விற்பனையுள்ள மருந்தகத்துக்குத் தவணையே போதும்.