தொலைந்த போன்: ஒர்க் ப்ரொஃபைலா, கம்பெனி போனா?

செலவு: ஊழியரின் சொந்த ஆண்ட்ராய்டில், அலுவலக ஆப்களையும் தரவையும் தனியாகப் பிரித்து வைக்கும் ஒர்க் ப்ரொஃபைல் போட்டால் போன் வாங்க வேண்டியதில்லை. கம்பெனி போனுக்கு ஆளுக்கொன்று வாங்க வேண்டும்.

அழிப்பு: போன் தொலைந்ததும் அலுவலகத்திலிருந்தே அழிக்கும்போது, ப்ரொஃபைலில் அலுவலகத் தரவு மட்டும் அழியும், குடும்பப் படங்கள் தங்கும். அதனால் ஊழியர் தயங்காமல் உடனே தகவல் சொல்வார். கம்பெனி போனில் மொத்தமும் அழியும்.

இரண்டுக்கும் ஒரே ஓட்டை: திருடியவர் சிம்மைக் கழற்றி, வைஃபையிலும் இணையாவிட்டால் அழிப்புக் கட்டளை போய்ச் சேராது, நிர்வாகத் திரையில் 'Pending' என்றே நிற்கும். அப்போது காப்பது, பூட்டைத் திறக்காமல் தரவைப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் என்கிரிப்ஷன்தான், அதுவும் பூட்டு வலுவாக இருந்தால் மட்டுமே. ஆகவே ப்ரொஃபைலுக்குத் தனியாக 6 இலக்கப் பின், 10 முறை தவறினால் நெட் இல்லாமலே அழியும் விதி, இரண்டையும் முன்பே போடுங்கள்.

மெயில், சாட் மட்டுமென்றால் ப்ரொஃபைல் போதும். வாடிக்கையாளர் ஆவணங்களைப் போனிலேயே வைப்பவர்களுக்குக் கம்பெனி போன்.